இடப்பக்கம் படம், வலப்பக்கம் கட்டம்

அந்த வேலைக்கு இரண்டு நாற்காலி வேண்டும். ஒருத்தி அச்சுத் தாளைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பாள். இன்னொருத்தி கம்ப்யூட்டர் திரையில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள். படித்தது அக்கா, பார்த்தது நான். கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆபீசில் எனக்கு நான்கைந்து வயது மூத்தவள், அதனால் அக்கா.

சிதம்பரம் மேலவீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற இடம். எங்களிடம் வந்தவை பெரும்பாலும் அட்டவணைப் புத்தகங்கள். ஊர் ஊராக, எத்தனை வீடு, எத்தனை ஆள், எத்தனை கிணறு என்று வரிவரியாக அச்சடித்தவை. ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம். அந்தப் படத்தில் இருக்கும் எண்களை ஒரு மென்பொருள் தானே அடையாளம் கண்டு கட்டங்களில் போடும். மூன்றை எட்டு என்று போடும், ஒன்றை ஏழு என்று போடும். அதைத் திருத்தத்தான் நாங்கள்.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எங்கள் வீடு கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்தை ஒட்டி. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். டைப்பிங் கற்றுக்கொண்டு, இங்கும் அங்கும் வேலை பார்த்து, கடைசியில் இந்த ஆபீசுக்கு வந்தேன். பயந்த சுபாவம். தினமும் ஏறுகிற பஸ்தான், இருந்தாலும் ஏறியதும் கண்டக்டரிடம் சிதம்பரம் போகுமா என்று கேட்பேன். அவருக்கும் பழகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் "போவும்மா, போவும்" என்பார். ஒரு தடவை பார்த்ததை இன்னொரு தடவை பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. மற்ற இடங்களில் இதற்காகத் திட்டு வாங்கினேன். இங்கே அதையே வேலையாகக் கொடுத்தார்கள்.

அக்கா படிக்கிற முறை ஒன்று உண்டு. முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லுவாள். பிறகு எண்களை ஒவ்வொரு இலக்கமாக, "மூணு, ஏழு, சைபர்" என்று. வீடே இல்லாத ஊர்களும் பட்டியலில் உண்டு. அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சின்னதாக மூன்று புள்ளிகள் அச்சடித்திருப்பார்கள். அங்கே வந்தால் அக்கா "காலி" என்பாள். ஒரு நாளைக்கு எத்தனையோ காலி வரும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாள். கண்டக்டர் மாதிரி, காய்கறி விற்பவள் மாதிரி, சாப்பாடு முடிந்த ஓட்டல்காரர் மாதிரி.

ஒரு தடவை, "வூடு காலி, ஆளு காலி, கெணறு மட்டும் ரெண்டு" என்று படித்துவிட்டு நிறுத்தினாள்.

"அப்பறம்?" என்றேன்.

"யாருடி தண்ணி எறைக்கிறது அங்க?"

"அக்கா, அடுத்த வரி படிங்க."

"இல்ல, ஒரு சந்தேகம். ஆளே இல்லாத ஊருல கெணறு வெட்னது யாரு? எங்க வூட்டு மாமாகிட்ட கேக்கறன். அவருக்குத்தான் ஒண்ணும் இல்லாத எடத்துல வேலை பாத்துப் பழக்கம்."

மாமா என்றால் அவள் வீட்டுக்காரர். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் சீசன் வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒரு தடவை வருவார். அக்கா சிதம்பரத்தில் மாமியாரோடு இருந்தாள். நான் ஊரில் தனி ஆளாகவே இருந்தேன் என்று சொல்லலாம். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் பேச்சு கிடையாது. அப்பா படுக்கையில், அண்ணன் கடலில். ஒரு நாளில் நான் பேசுகிற பேச்செல்லாம் அந்த இரண்டு நாற்காலிக்கு நடுவில்தான்.

அப்படி இருக்கும்போதுதான் பெரிய வேலை ஒன்று வந்தது. ஆபீஸ் நடத்துகிறவரை நாங்கள் சார் என்போம். சத்தம் போடாத மனுஷர். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"புஸ்தகம் நெறைய வருது. ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேருன்னா கட்டுப்படி ஆவாதும்மா. ஒருத்தரே ஒக்காந்து அதே வேகத்துல பாத்தா இந்த வேலைய எடுக்கலாம். இல்லன்னா ப்ரூஃப் பாக்குற செக்‌ஷனையே மூட வேண்டியதுதான்."

"ஒருத்தியே படிச்சி, ஒருத்தியே பாக்குறதா சார்?" என்றாள் அக்கா. "அதுக்கு ரெண்டு தலை வேணும்."

"திரையிலயே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிக் குடுத்தா?"

செக்‌ஷனில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மூடினால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போவோம். மூடாவிட்டால் ஒரு நாற்காலி போகும். அன்று பஸ்ஸில் பரங்கிப்பேட்டை ரோடு தாண்டுகிற வரை இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எது நடந்தாலும் அக்கா பக்கத்தில் இருக்க மாட்டாள் என்பது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

ஆபீசில் ப்ரோகிராம் எழுதுகிற பையன் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் படித்தவர், என்னைவிடச் சின்னவர். அக்கா அவரைத் தம்பி என்பாள், நான் சார் என்பேன். திரையை அமைக்கிற வேலை அவருக்கு. கண் எங்கே தடுக்கிறது என்று சொல்லுகிற வேலை எனக்கு.

முதலில் திரையை நடுவில் பிரித்தார். இடப்பக்கம் ஸ்கேன் செய்த படம், வலப்பக்கம் மென்பொருள் போட்ட கட்டங்கள். பக்கம் முழுவதும் பாதித் திரைக்குள் அடங்கினால் எண்கள் எறும்புகளாகத் தெரிந்தன. பெரிதாக்கினால் ஒரு மூலைதான் தெரிந்தது. இடப்பக்கத்தை நகர்த்தி, வலப்பக்கத்தை நகர்த்தி, இரண்டும் ஒரே ஊரில்தான் நிற்கின்றனவா என்று பார்ப்பதற்குள் அக்கா ஒரு பக்கத்தைப் படித்து முடித்திருப்பாள்.

"இது வேலைக்காவாது தம்பி. எங்க ரெண்டு பேரையும் இப்பிடியே வுட்டுடுங்க" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் அடுத்து இரண்டையும் இணைத்தார். ஒவ்வொரு எண்ணையும் பக்கத்தில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதை மென்பொருள் ஞாபகம் வைத்திருக்குமாம். வலப்பக்கம் நான் எந்தக் கட்டத்தில் நிற்கிறேனோ, இடப்பக்கப் படம் தானே நகர்ந்து அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் காட்டியது. நன்றாக இருந்தது. ஆனால் இங்கே பார்த்து அங்கே போவதற்குள் கண் மேல் வரிக்கு வழுக்கியது. எனக்குச் சந்தேகம் வந்துவிடும், மறுபடி பார்ப்பேன்.

"கண்ணு போற தூரம் கம்மியா இருந்தா பரவால்ல சார்" என்றேன். "நேரா பக்கத்துல இருந்தா போதும். மேல கீழ தேடக் கூடாது."

ஸ்கேன் செய்யும்போது பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிடும். படத்தில் வரி சாய்ந்திருக்கும், கட்டங்கள் நேராக இருக்கும், இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்காது. அதனால் அவர் படத்தை ஒவ்வொரு எண்ணாகக் கத்தரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார். இடப்பக்கம் எண்ணின் படத்துண்டு, அதை ஒட்டினாற்போல வலப்பக்கம் மென்பொருள் படித்த எண். ஒரு பத்தி முடிந்ததும் அடுத்த பத்தி. ஊர்ப் பெயர்களை வேறு செக்‌ஷனில் தனியாகச் சரிபார்த்ததால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டோம், எழுத்தைப் பெரிதாக்க இடம் கிடைத்தது. மென்பொருளுக்கே சந்தேகமான எண்கள் ரோஸ் கலரில் வரும். வலது கையை எண் விசைகளின் மேல் வைத்துக்கொண்டு என்டரைத் தட்டினால் போதும். தப்பாக இருந்தால் சரியான எண்ணை அடித்து என்டர். கழுத்து திரும்ப வேண்டாம், வாய் திறக்க வேண்டாம்.

முதல் நாளே அக்காவோடு பார்த்த வேகத்தைத் தாண்டிவிட்டேன். சார் பின்னால் நின்று பார்த்தார். "பரவால்லயே" என்றார். அவர் அதிகபட்சமாகப் பாராட்டுவது அவ்வளவுதான்.

அக்காவை ஸ்கேன் செய்யும் அறைக்கு அனுப்பினார்கள். அது மாடிக்கும் மேலே, தகரக் கூரை. பழைய புத்தகத்தைப் பிரித்தால் தூசி கிளம்பும். அவளுக்குத் தூசி ஆகாது, மூச்சு இழுக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வேறு. படிக்கட்டில் எதிரே வந்தால்தான் பார்க்க முடியும்.

"எப்பிடிடி இருக்குது உன் புது ஜோடி?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"பேச மாட்டேங்குது."

"குடுத்து வெச்சவ. எங்க வூட்டுல ஒண்ணு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்குது." துண்டை இறக்கிவிட்டு இருமினாள். "ஏய், நெசமா கேக்கறன். அந்த நாற்காலி இன்னும் இருக்குதில்ல?"

"இருக்குது."

"இருக்கட்டும். மேல எனக்கு முடியல. ரொம்ப நாளைக்கு ஓடாது. திரும்பக் கூப்புட்டாங்கன்னா வருவேன். இல்லன்னா மாமா பெண்ணாடம் வந்துடு வந்துடுன்னுதான் சொல்லிகிட்டு இருக்காரு."

அதற்குப் பிறகு நான் தினமும் அந்த நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொள்வேன். யாராவது எடுத்துப் போய்விடக் கூடாது என்று என் பையை அதன்மேல் வைப்பேன். சாப்பிடும்போது அந்த நாற்காலியைப் பார்த்து உட்கார மாட்டேன்.

வேலை ஓடியது. பத்தி பத்தியாக எண்கள் வந்துகொண்டே இருந்தன, ஊர்ப் பெயர் இல்லாத எண்கள். எது வீடு, எது ஆள், எது கிணறு என்றுகூடத் தலைப்பைப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு பத்திக்கும் அடியில் அச்சடித்திருந்த கூட்டுத்தொகையோடு கம்ப்யூட்டர் தானே கூட்டிப் பார்க்கும். சரி என்று பச்சை விளக்கு மாதிரி ஒரு குறி வரும். எல்லாம் பச்சையாக வந்தது. என்னை மாதிரி ஆளுக்கு அந்தப் பச்சை நிம்மதி கொடுக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும். பையைத் திறந்து பார்ப்பேன், டிபன் பாக்ஸ் இருக்கும், சில்லறை இருக்கும். தனியாக உட்கார்ந்து பழக்கமில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் புத்தகம் முடிந்து சிடியில் ஏற்றி அனுப்ப வேண்டிய நாள். மதியம் கடைசிப் பக்கங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். கீழே பாத்திரக் கடையில் யாரோ சிலிண்டர் வண்டிக்காரரிடம் "எல்லாம் காலிதான், எடுத்துட்டுப் போ" என்று கத்தினார்கள். என் கை நின்றுவிட்டது.

காலி. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. அக்கா இல்லாததால் கேட்கவில்லை என்பது சரி. ஆனால் நான் பார்க்கவும் இல்லையே. அக்காவோடு ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒன்றிரண்டு காலியாவது வந்துவிடும். இந்தப் புத்தகம் முழுக்க ஒரு காலிகூட வரவில்லை. எல்லா ஊரிலுமா வீடு இருந்தது?

பழைய மாதிரி, ஸ்கேனரிலிருந்து வந்தபடியே இருந்த முழுப் பக்கப் படத்தைத் திறந்தேன். ஊர்ப் பெயர்கள் பக்கத்தில் வரிசையாக இருந்தன. ஒரு ஊருக்கு நேரே வீட்டுப் பத்தியில் மூன்று புள்ளிகள். என் கட்டங்களில் அந்த ஊருக்கு நேரே அடுத்த ஊரின் வீடுகள் நின்றன. அதற்குக் கீழே எல்லாமே ஒரு படி மேலே ஏறியிருந்தன. கடைசியில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது, பக்கம் முடிந்துவிட்டது என்று நான் தாண்டிப் போன கட்டம்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பழைய அச்சில் பத்திகளுக்கு நடுவே நெடுக்குக் கோடு உண்டு, வரிகளுக்கு நடுவே குறுக்குக் கோடு கிடையாது. ஸ்கேன் செய்த படத்தில் தூசிப் புள்ளிகளை நீக்குவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அது அந்த மூன்று புள்ளிகளையும் தூசி என்று நீக்கியிருக்கிறது. ஒன்றும் இல்லாத இடத்தை மென்பொருள் ஒரு வரியாகவே எண்ணவில்லை. முன்பு அக்கா காலி என்றதும் நான் அங்கே ஒரு கட்டத்தைச் செருகிவிடுவேன். இப்போது எண்ணின் படத்தையும் எண்ணையும் சேர்த்தே அடுக்கியதால் இரண்டும் ஒன்றாகவே மேலே ஏறிவிட்டன. இடப்பக்கம் வலப்பக்கத்தோடு ஒத்துப்போனது. இரண்டும் சேர்ந்து ஊரோடு ஒத்துப்போகவில்லை. எண்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது, அதனால் பச்சை.

முதலில் மேலே ஓடினேன். அக்கா புத்தகத்தை விரித்து ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

கேட்டுவிட்டு மூக்குத் துண்டை இறக்கினாள். "அப்ப நா இல்லாம நடக்காதுன்னு சொல்லு."

"அக்கா, விளையாடாதீங்க. சாயந்தரம் சிடி போவுது."

"போயி சொல்லுடி. யாரு மேலயும் தப்பு இல்ல, பயப்படாத. சொன்னா எனக்கும் நல்லதுதானே." அவள் கண்ணில் அந்தப் பழைய சிரிப்பு வந்திருந்தது.

சார் அறையில் ப்ரோகிராம் எழுதுகிறவரும் இருந்தார். பக்கத்தைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கி, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, "ஆமா சார், ஏறிடுச்சி" என்றார். சார் கொரியர்காரருக்கு போன் செய்து இன்று வர வேண்டாம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீதான் தெனம் பாக்குறவ. சொல்லு. இதுக்கு மறுபடி ரெண்டு பேரு ஒக்காந்து படிக்கணுமா? இல்ல, திரையிலயே சரி பண்ணிக்கலாமா?"

பதில் என்னிடம் இருந்தது. மாடிப்படி இறங்கி வரும்போதே வந்துவிட்டது. பெயர் இல்லாத ஊர் கிடையாது. பெயர்ப் பத்தியில் மட்டும் எந்த வரியும் காணாமல் போகாது. அக்கா எப்போதும் பெயரைச் சொல்லிவிட்டுத்தானே எண்ணுக்குப் போவாள். அந்த மாதிரியே வரிகளைப் பெயரை வைத்துப் பிரித்தால், எண் இல்லாவிட்டாலும் வரி இருக்கும்.

ரெண்டு பேர் வேணும் சார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை, இரண்டு பேர் படித்தால் தப்பு நின்றுவிடும்தான். ஆனால் அவர் முன்பே சொல்லியிருந்தார், இரண்டு பேர் என்றால் இந்த வேலை கிடையாது. செக்‌ஷன் மூடும், நான் துறைமுகத்து வீட்டுக்கே போய்விடுவேன், அக்கா அப்போதும் பெண்ணாடத்துக்குத்தான் போவாள். இதையெல்லாம் அந்த நிமிஷத்தில் வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது. தப்பை எப்படி நிறுத்துவது என்று தெரிந்த பிறகு தெரியாத மாதிரி உட்கார என் பயம் விடாது. அதுதான் நடந்தது.

"திரையிலயே பண்ணலாம் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சார் "என்னம்மா?" என்றார். மறுபடி சொன்னேன்.

சொல்லச் சொல்ல அந்தப் பையன் குறித்துக்கொண்டார். பக்கத்தை முதலில் நேராக்கிவிட்டு, பெயர் இருக்கும் இடத்தை வைத்து வரிவரியாக முழு அகலத்துக்கும் வெட்டுவது. அகலம் ஜாஸ்தி என்பதால் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாலும் ஊர்ப் பெயர் மட்டும் இடது ஓரத்தில் நகராமல் நிற்பது. எண் இல்லாத கட்டத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டுவது. சாம்பல் கட்டத்தை என்டரைத் தட்டித் தாண்ட முடியாது. இடப்பக்கம் படத்தைப் பார்த்து, நிஜமாகவே ஒன்றும் இல்லை என்றால் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். தூசி நீக்காத படத்தையே இடப்பக்கம் காட்ட வேண்டும் என்பதை அவர் சேர்த்தார். அது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டொரு நாளில் திரை தயாராகிவிட்டது. படத்துண்டுகளை அடுக்கிய திரையைவிட வேகம் கொஞ்சம் குறைந்தது, இரண்டு பேர் படிப்பதைவிட அதிகம்தான். முதல் புத்தகத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி பார்த்தேன்.

அக்காவிடம் நானேதான் சொன்னேன், படிக்கட்டில். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மூக்குத் துண்டை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "ஆக, மிஷினுக்குக் காலி சொல்லக் கத்துக் குடுத்துட்ட" என்றாள்.

"அக்கா..."

"வுடுடி. நல்லா சொல்லுதா?"

"சொல்ல மாட்டேங்குது. சும்மா சாம்பலா நிக்குது."

"அதானே பாத்தேன்." என் தோளில் கை வைத்துக்கொண்டு இருமி முடித்தாள். "நீ பஸ்சுக்கு நேரமாச்சின்னு பறப்பியே, போ."

அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள். போவதற்கு முன் ஒரு தடவை பெண்ணாடம் வா என்றாள். வருகிறேன் என்றேன். விருத்தாசலம் போய் பஸ் மாற வேண்டும், மாறுகிற இடத்தில் எந்தப் பஸ் என்று தெரியாது, அந்தப் பயத்திலேயே போகவில்லை. அவள் கொடுத்த நம்பரில் ஒரு முறை பேசினேன். ஆலைச் சத்தத்தில் அவள் சொன்னது பாதி விழவில்லை.

பிறகும் சில வருஷம் அதே மேஜையில் இருந்தேன். பெட்டி மாதிரி இருந்த திரை போய் தட்டைத் திரை வந்தது, அகலமானது, ஊர்ப் பெயரோடு எல்லாப் பத்தியும் ஒரே பார்வையில் அடங்கியது. நாற்காலியை வேறு அறைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். பை வைக்கத் தரைதான்.

ஒரு மழை நாள். வேறொரு புத்தகத்தில் ஒரு வரி வந்தது. வீடு சாம்பல். ஸ்பேஸ் பார். ஆள் சாம்பல். ஸ்பேஸ் பார். கிணறு மூன்று. இடப்பக்கம் படத்தைப் பார்த்தேன், மூன்றுதான், எட்டு இல்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தேன். "யாருடி தண்ணி எறைக்கிறது" என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. என்டரைத் தட்டி அடுத்த ஊருக்குப் போனேன்.